கண்டக்டரைத் தூக்கினார்கள், என்னைப் போட்டார்கள்

ரங்கூனில் கண்டக்டருக்குப் பெயர் ‘சபெயா’. ஆங்கிலத்து ‘ஸ்பேர்’ பர்மிய வாயில் நசுங்கி இப்படி ஆனது. அதாவது உதிரி ஆள். 2017 ஜனவரியில் நகரப் பேருந்து முறையையே மாற்றினார்கள். பழைய வண்டிகள் போயின, புது எண்கள் வந்தன, உதிரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பெட்டியை வைத்தார்கள். என் கருத்து: அந்த வண்டியில் உதிரியாக இல்லாதது அவன் ஒருவன்தான், மற்ற எல்லாமே உதிரி.

யோசித்துப் பாருங்கள். 1970-ல் இந்த நாடு ஒரே நாளில் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. வண்டிகளோ ஜப்பானில் ஓடிக் களைத்தவை. ஸ்டியரிங்கும் வலது பக்கம். முந்தும்போது எதிரே என்ன வருகிறது என்று டிரைவருக்குத் தெரியாது. சில வண்டிகளில் கதவு இடப்பக்கமே இருக்கும், இறங்கினால் நடுரோட்டில் இறங்கவேண்டும். கதவில் தொங்கிக்கொண்டு, கண்ணாகவும் வாயாகவும் ஹாரனாகவும் வேலை பார்த்தவன் சபெயா.

அவன் வாய் இருக்கிறதே! 2014-ல் திருச்சியிலிருந்து மச்சான் வந்திருந்தான். திங்கன்ஜூனில் ஏறினோம். ஏறினோம் என்பது மரியாதைக்கு. கூட்டம் எங்களை உள்ளே ஊற்றியது. ஒரு கை கம்பியில், ஒரு கை லோஞ்சி என்கிற பர்மிய லுங்கியின் முடிச்சில். இதுதான் ரங்கூன் பஸ்ஸின் அடிப்படை ஆசனம். மூன்றாவது கை இல்லாதவன் காசு எடுக்க நினைக்கக்கூடாது. சபெயா “ஷே தோ, ஷே தோ” என்று கத்திக்கொண்டே இருந்தான். முன்னே நகரு என்று அர்த்தம். முன்னே இருந்தது டிரைவரின் முதுகு.

சூலே பகோடா நெருங்கியதும் சபெயா கேட்டான்: “சூலே பாலா?” சூலேயில் இறங்க ஆள் உண்டா என்று அர்த்தம். மச்சான் என் காதில், “மாப்ள, பஸ்ஸுக்குள்ள பாலா விக்கிறான்?” என்றான். நான் விளக்குவதற்குள் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: “பாடே!” உண்டு என்று அர்த்தம். அடுத்து ஒரு பாட்டி, “பாடே!” மச்சானுக்கு முகம் வெளுத்துவிட்டது. “பாலுங்கிறான், பாடைங்கிறாங்க. யாருடா செத்தது?”

இந்தக் கூட்டத்தில் யார் செத்திருந்தாலும் சூலே வரை நின்றுகொண்டேதான் வந்திருப்பார் என்றேன்.

இறங்க ஆள் இல்லாத நிறுத்தம் என்றால் சபெயா வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, “மபாபூ, ஸ்வே!” என்பான். ஆள் இல்லை, இழு. அந்தத் தட்டு விழாமல் டிரைவர் காலை எடுக்கமாட்டார்.

சரி, 2017-க்கு வருவோம். மச்சான் மறுபடி வந்தான். இந்த முறை நாலு வார்த்தை பர்மியம் படித்துக்கொண்டு வந்திருந்தான். புது முறையில் அப்போது கட்டணம் 200 சாட். பெட்டியில் போடவேண்டியிருந்தது, பெட்டி மீதி தராது. அன்றைக்கென்று என் மேல்பையில் இருந்தது ஒற்றை 1000. எங்கள் இருவருக்கும் 400 போக, என் 600 பெட்டிக்குள். அதை மீட்க ஒரே வழி, பெட்டியருகே நின்று அடுத்து ஏறுகிற மூன்று பேரிடம் கையேந்துவது. ஊரே அப்படித்தான் செய்தது.

மச்சானைக் கூட்டம் பின்னால் கொண்டுபோய்விட்டது. நான் நின்றேன். முதல் ஆள் 200 கொடுத்தான். இரண்டாவது ஆளும் 200. மூன்றாவதாக ஒரு அம்மா 500-ஐ என் கையில் திணித்து, “300 கொடு” என்றார். என்னிடம் இருந்தவை இரண்டும் 200 தாள். இரண்டையும் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்த்தார். 100 அதிகம் என்று தெரிந்தது. தெரிந்ததும் உள்ளே போய்விட்டார். கையில் 500. வசூலில் 100 குறைந்தது, அதுவும் சம்பளமே இல்லாத வேலையில்.

அதற்குள் வாசலில் என்னைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றார்கள். வாயில் என்னையறியாமல் வந்தது: “ஷே தோ!” நகர்ந்தார்கள்! ஒருவர் இந்த வண்டி தாம்வே போகுமா என்று கேட்டார். பதில் சொன்னேன். இன்னொருவர், ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்று என்னைத் திட்டினார். மன்னிப்பும் கேட்டேன்.

சூலே வந்தது. கேட்க யாரும் இல்லை. நானே கேட்டேன், “சூலே பாலா?” கூட்டம் திமுதிமுவென்று இறங்கியது. அந்த வெள்ளத்தில் நானும் வந்து நடைபாதையில் விழுந்தேன். லோஞ்சி பாதி, நான் பாதி. வண்டி நகரவில்லை. டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: “மபாபூ, ஸ்வே!”

வண்டி கிளம்பியது. பின் கண்ணாடியில் மூக்கு நசுங்க மச்சான், வாழ்க்கையில் முதல்முறையாகச் சுத்தமான பர்மியத்தில் கதறிக்கொண்டே போனான்: “பாடே! பாடே!”