பால் பவுடர் கருகிய பாலா?

"200 டிகிரி சூட்டில் வறுத்துத்தான் பால் பவுடர் எடுக்கிறாங்க, சத்தெல்லாம் கருகிடும்."

200 டிகிரி என்பது பாலை உலர்த்தும் கலனுக்குள் வரும் காற்றின் சூடு, பாலின் சூடு அல்ல. முதலில் வெற்றிடக் கலனில் அழுத்தத்தைக் குறைத்து, 70 டிகிரிக்குள்ளேயே பாலைக் கொதிக்கவிட்டு, பாதிக்குப் பாதி திடப்பொருளாகும்வரை சுண்டவைக்கிறார்கள். அப்புறம் அந்தச் சூடான காற்று வீசும் உயரமான உலர்த்தும் கலனுக்குள் பனித்துளிபோலத் தெளிக்கிறார்கள். ஈரத்துணி போர்த்திய பானை குளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல ஈரம் ஆவியாகும்வரை துளியும் சுமார் 50 டிகிரியிலேயே இருக்கும். சில நொடிகளில் உலர்ந்து தூளாகிவிடும்.

புரதமும் கால்சியமும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வைட்டமின் சி, பி1 கொஞ்சம் குறைவது உண்மைதான். உண்மையான கேடு வீட்டில் வருகிறது: டப்பாவில் ஈரம் ஏறினால் தூள் கட்டிபட்டு, மெல்லப் பழுப்பாகும், அப்போதுதான் லைசின் என்ற அமினோ அமிலம் வீணாகிறது.