பாதுகாப்பு இருப்பு: சராசரி நாள் மட்டும் போதாது

எதிர்பாராத விற்பனைக்கும் தாமதத்துக்கும் ஈடாகக் கையில் வைக்கும் கூடுதல் சரக்குதான் பாதுகாப்பு இருப்பு. அதைக் கணக்கிட இப்படிச் சொல்வதுண்டு:

“95 சதவீத சேவை அளவுக்கு, தினசரி விற்பனையின் திட்ட விலக்கத்தை, சரக்கு வந்துசேரும் சராசரி நாட்களின் வர்க்கமூலத்தாலும் 1.65-ஆலும் பெருக்கினால் போதும்.”

சரக்கு ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் வந்து இறங்கினால் மட்டுமே இது சரி. விநியோகத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பாக்கியம் அரிது.

ஒரு பொருள் நாளுக்குச் சராசரியாக 100 பெட்டி விற்கிறது. திட்ட விலக்கம் 30. சரக்கு வர 9 நாள். அதன் விலக்கம் 3 நாள். மேற்சொன்ன கணக்கு 149 பெட்டி என்கிறது. ஆனால் வண்டி 3 நாள் தாமதமானால் அதற்குள் 300 பெட்டி விற்றுவிடும். அந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்க்க வேண்டும்:

```
√(9×30² + 100²×3²) ≈ 313
1.65 × 313 ≈ 517
```

149 பெட்டியோடு நின்றால் உண்மையான சேவை அளவு சுமார் 68 சதவீதம்தான். அதாவது மூன்று கொள்முதல் சுற்றுகளில் ஏறக்குறைய ஒன்றில் கையிருப்பு தீர்ந்துபோகும்.

விற்பனைக் கணிப்பைத் துல்லியமாக்கப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்: விற்பனை துளியும் மாறாவிட்டாலும் 495 பெட்டி தேவை. மாறாக, தாமத விலக்கத்தை 3 நாளிலிருந்து 1 நாளாகக் குறைத்தால் 222 போதும்.

இந்த 95 சதவீதம், இருப்பு தீராமல் முடியும் சுற்றுகளின் பங்கு. கேட்ட பெட்டிகளில் எத்தனை கொடுத்தோம் என்பது வேறு கணக்கு. விற்பனையும் தாமதமும் ஒன்றையொன்று பாதிக்காதபோதே இந்தச் சூத்திரம் பொருந்தும். பண்டிகைக் காலத்தில் இரண்டும் சேர்ந்தே ஏறினால் 517-உம் போதாது.