ரெண்டாவது வேலை எங்கே இருக்கிறது?

போன வாரம் அக்கா மகன் ஒரு நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் மதுரை. காலேஜ் முடிக்கும் முன்பே ரெண்டு சாஃப்ட்வேர் வேலை கையில் இருக்கிறது. சென்னையில் வருஷத்துக்கு 8.4 லட்சம், மதுரையில் 6 லட்சம். "சித்தி, செலவெல்லாம் போக மதுரையிலதான் 7,000 ரூபா கூட மிஞ்சுது. கணக்கு சரியானு பாருங்க" என்றான். பிள்ளை வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. நானே சென்னையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவள் என்பதால், நானும் ஆமாம் போடுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள்.

கணக்கில் ரெண்டு தப்பு. 8.4 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 70,000 என்று எழுதியிருந்தான். ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அதில் 84,000 ரூபாய் வேரியபிள் பே, அதாவது கம்பெனி மனசு வைத்தால் வருவது. பிஎஃப்பில் கம்பெனியின் பங்கு, கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் எல்லாம் அந்த 8.4க்குள்தான் அடக்கம். இவன் பங்கு பிஎஃப்பும் கழிந்தால் கைக்கு 57,500 வரும். இந்தச் சம்பளத்துக்கு இப்போதைய புது வரி முறையில் வருமான வரி கிடையாது, அது ஒரு நிம்மதி. மதுரை ஆஃபரில் வேரியபிள் இல்லை, 45,000 வரும்.

அடுத்த தப்பு வாடகை. ஏதோ வெப்சைட்டைப் பார்த்து, தனி ஆளாக ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு 22,000, மெயின்டனன்ஸ் 3,000 என்று போட்டிருந்தான். இருபத்திரண்டு வயசுப் பையன் எவன் அப்படி இருக்கிறான்? துரைப்பாக்கத்தில் மூணு பேர் சேர்ந்தால் ஆளுக்கு 9,000 தாண்டாது. சாப்பாடு, பஸ், தண்ணி கேன், மாசம் ஒரு தடவை ஊருக்கு வந்துபோவது எல்லாம் சேர்த்தாலும் 24,000. மதுரையில் வீட்டுக்குக் கொடுப்பதும் பெட்ரோலும் 15,000. ஆக சென்னையில் மிஞ்சுவது 33,500, மதுரையில் 30,000. இந்த 3,500 ரூபாய் வித்தியாசத்துக்காக யாரும் ஊர் மாற வேண்டியதில்லை.

(மதுரைக்காரர்கள் யாரும் எழுதாத செலவு ஒன்று உண்டு, மொய். ஊரில் இருப்பவனுக்கு எந்தப் பத்திரிகையிலிருந்தும் தப்பிக்க வழியில்லை. வைகாசி, ஆவணியில் மாசம் 3,000, 4,000 என் கையை விட்டுப் போகிறது. திரும்பி வரும்தான். ஆனால் வீட்டில் காதுகுத்தோ கல்யாணமோ வர வேண்டுமே!)

அவன் பார்க்க வேண்டியது இந்த வேலையை இல்லை, ரெண்டாவது வேலையை. மூணு வருஷம் கழித்து மேனேஜரோடு ஒத்துப்போகவில்லை, அல்லது புராஜெக்ட் முடிந்துவிட்டது. அப்போது எத்தனை கம்பெனியில் போய்க் கேட்கலாம்? சென்னையில் பெருங்குடியில் ஆரம்பித்து சிறுசேரி வரைக்கும் ஓஎம்ஆர் என்கிற அந்த ஒரே ரோட்டில் வேலை மாறினால், இறங்குகிற பஸ் ஸ்டாப் மாறும், அவ்வளவுதான். மதுரையில் வடபழஞ்சி, இலந்தைக்குளம் எல்காட் ஐடி வளாகங்கள், டவுனுக்குள் சில கம்பெனிகள். புதுசாகப் படித்து வருபவர்களை எடுக்க ஆள் இருக்கிறது. அஞ்சு வருஷ அனுபவத்தோடு குறிப்பிட்ட ஒரு வேலைக்குப் போய் நின்றால், விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இது என் வீட்டிலேயே நடந்தது. நாங்கள் வந்த மூணாவது வருஷம், என் கணவர் வேலை பார்த்த சின்ன டிசைன் ஆபீஸை இழுத்து மூடிவிட்டார்கள். ஏழு மாசம் தேடினார். கடைசியில் கிடைத்தது கோயம்புத்தூரில். இப்போது திங்கள் விடியற்காலை கிளம்பினால் வெள்ளி ராத்திரிதான் வருகிறார். அம்மா அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வந்தோம். இருக்கிறார்கள், இவர்தான் பக்கத்தில் இல்லை.

சம்பளத்திலும் இதே கதைதான். ரெண்டு ஊரிலும் வருஷா வருஷம் 8 சதவீதம் ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நாலு வருஷத்தில் மதுரையின் 6 லட்சம் 8.16 லட்சம் ஆகும். சென்னையில் அந்த நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அந்த வருஷத்து 8 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீதத்துக்கு வேலை மாறினால், 8.4 லட்சம் 13.76 லட்சம் ஆகிவிடும். இப்போது 2.4 லட்சமாக இருக்கும் இடைவெளி அப்போது 5.6 லட்சம். "அப்பச் சென்னைக்கு மாறிக்கிறேன் சித்தி" என்றான். மாறலாம். ஆனால் எச்ஆர் முதலில் கேட்பது கடைசி மூணு மாச சம்பள ஸ்லிப்பை. அதில் இருக்கிற 8.16க்கு மேல்தான் பேரம் ஆரம்பிக்கும். குறைந்த சம்பளத்தில் ஆரம்பித்தவன் ஊர் மாறினாலும் அந்த எண் கூடவே வரும்.

இதையெல்லாம் சென்னைக்கு வக்காலத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணமாகிக் குழந்தை வந்ததும் கணக்கு புரண்டுவிடும். அவன் எழுதிய 25,000 அப்போது நிஜமாகவே வரும். மதுரையில் அதே அளவு வீடு 11,000க்குக் கிடைக்கிறது. ஒத்திக்கும் வீடு உண்டு. அஞ்சாறு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருக்கலாம். ஆனால் நாம் காலி செய்யும்போது, அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் வீட்டுக்காரரால் நம் பணத்தைத் தர முடியும். ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் இருபது ரூபாய்த் தாளில் எழுதிக்கொண்டு அலைகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ரெண்டு பேர். நேரத்தையும் சேர்க்க வேண்டும். மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போக எனக்குக் காலையில் ஐம்பது நிமிஷம் ஆனது. இங்கே அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தபோது பதினைந்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அந்த ஒரு ராத்திரிக்காகவே நான் வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

எந்த ஊரில் இருந்தாலும் ஒரே சம்பளம் வாங்குகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், மதுரைக்கு வந்துவிடலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், மதுரையில் 20. ஐம்பதாயிரம் அடிப்படைச் சம்பளம் என்றால் படியில் 5,000 குறையும், வாடகையில் அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் மிச்சம். ரயில்வேயில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்காரர் மாற்றலுக்கு எழுதிப்போட்டுவிட்டு அதனால்தான் காத்திருக்கிறார்.

அவனிடம் ரெண்டு காரியம் செய்யச் சொன்னேன். நௌக்ரியில் அவன் செய்யப்போகிற வேலையை, மூணிலிருந்து அஞ்சு வருஷ அனுபவம் என்று போட்டு, மதுரையில் தேடச் சொன்னேன். பத்து ஊர் பெயரை வரிசையாகப் போட்டிருக்கும் விளம்பரங்களை எண்ணக் கூடாது, அதில் மதுரை சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, அந்த மதுரைக் கம்பெனியை விட்டு வெளியே போனவர்கள் நாலு பேரை லிங்க்ட்இன்னில் பிடித்து, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கச் சொன்னேன்.

முந்தாநாள் கூப்பிட்டான். தேடியதில் பதினொன்று வந்ததாம், பத்து ஊர் விளம்பரங்களைக் கழித்தால் ரெண்டு. நாலு பேரில் மூணு பேர் சென்னையில், ஒருத்தர் பெங்களூரில். துரைப்பாக்கத்தில் ரூம் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாண்டியனில் கிளம்புகிறான். அக்கா ரெண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை.