போன வருஷ நோட்டீஸில் வருஷத்தை மட்டும் மாற்றினால் போதாது

ஏசி சீசன் தொடங்கும்போது, விளம்பர வாசகம் எழுதும் எங்களைப் போன்றவர்களுக்கு ஷோரூம்களிலிருந்து வரும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான்: "போன வருஷம் போட்டதே நல்லா ஓடுச்சு சார். வருஷத்தையும் விலையையும் மட்டும் மாத்திக் குடுத்துடுங்க." டிசைனர் பழைய ஃபைலைத் திறப்பார், 2025ஐ 2026 ஆக்குவார், விலையைத் திருத்துவார், மதியத்துக்குள் அது வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். இந்தப் பழக்கம் தப்பு என்று நான் உறுதியாக நினைக்கிறேன். விலை மாறினால் எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை யாராவது திருத்திவிடுவார்கள். அந்த விலையைச் சுற்றி எழுதிய மற்ற வரிகள் எப்போது பொய்யாகின்றன என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை.

2025 கோடையில் வந்த நோட்டீஸ் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். "இந்தக் கோடையின் புதிய வரவு! 1.5 டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி, அனைத்து வரிகளும் உட்பட ரூ.38,400 மட்டுமே. மின்கட்டணத்தில் 40% வரை மிச்சம். தென் மாவட்டங்களின் நம்பர் 1 ஷோரூம்." ஊருக்கு ஊர் இதே நோட்டீஸ்தான், கடைப் பெயர் மட்டும் வேறு.

முதலில் விலை. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. உடனே பல கடைகள் "விலையில் 10% குறைவு" என்று போட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 38,400 ரூபாயில் அடங்கியிருக்கும் 28% வரியை எடுத்துவிட்டால், வரிக்கு முந்தைய விலை 30,000. அதற்கு 18% வரி சேர்த்தால் 35,400. குறைந்தது 3,000 ரூபாய், அதாவது பழைய விலையில் சுமார் 7.8%. வரி 10 புள்ளி குறைந்தால் விலையும் 10% குறையும் என்று எழுதியது முதல் நாளிலிருந்தே தப்பு. இதுகூட வரிக்கு முந்தைய விலையைக் கம்பெனி ஏற்றாமல் இருந்தால்தான். அதனால் பழைய விலையிலிருந்து கணக்குப் போடாமல், கடைக்கு வந்த கடைசி கொள்முதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் புது விலையை எழுத வேண்டும்.

"ஜிஎஸ்டி குறைப்பு ஆஃபர்" என்ற வரி இன்னும் மோசம். 2025 தீபாவளியின்போது அதைச் செய்தி என்று சொல்லலாம். அடுத்த கோடையிலும் அதே வரி தொடர்ந்தால், நாடு முழுக்க எல்லாக் கடைக்கும் பொதுவான வரி விகிதத்தை அந்தக் கடை தன் கையிலிருந்து கொடுக்கும் சலுகை மாதிரி காட்டுகிறது. அந்த வரியைத் திருத்த வழியே இல்லை, எடுத்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது ஸ்டார். என் அனுபவத்தில் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான், காரணம் அந்த ஏசியில் ஒரு திருகுகூட மாறியிருக்காது. ஸ்டார் என்பது மெஷினின் நிரந்தர குணம் என்று நினைத்துவிடுகிறோம். மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளவுகோலை உயர்த்துகிறது. ஸ்பிளிட் ஏசிக்கு 2018 அட்டவணைப்படி செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்று சொல்லும் ஐஎஸ்இஇஆர் எண் 4.50 இருந்தாலே 5 ஸ்டார். 2022 ஜூலையில் அது 5.00 ஆனது. அதாவது 4.6 உள்ள ஒரு ஏசி ஜூன் மாதம் 5 ஸ்டார், ஜூலை மாதம் 4 ஸ்டார். 2026 ஜனவரி 1 முதல் அதைவிடக் கடுமையான அட்டவணை வந்துவிட்டது. போன வருஷம் 5 ஸ்டார் எல்லையை ஒட்டி நின்ற மாடலைப் பழைய நோட்டீஸிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால், அது இன்றைய கணக்கில் உண்மை கிடையாது.

இதைச் சரிபார்க்க பெரிய வித்தை எதுவும் வேண்டாம். குடோனில் இருக்கும் பெட்டியைத் திறந்து ஏசி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை அந்த லேபிள் செல்லும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஐஎஸ்இஇஆர் எண்ணும் இருக்கும். மிச்சம் இருக்கும் பழைய ஸ்டாக்கை விற்கிறார்கள் என்றால், "5 ஸ்டார்" என்று மொட்டையாகப் போடாமல் எந்த ஆண்டு லேபிள், எண் எவ்வளவு என்று சேர்த்து எழுதச் சொல்வேன். நோட்டீஸில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான். பக்கத்துக் கடையின் புது 5 ஸ்டாருடன் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரி தேவை.

ஸ்டார் ஆட்டம் கண்டால் "40% மிச்சம்" என்ற வரியும் கூடவே ஆடும். எதை விட 40%? பெரும்பாலும் எந்தக் கம்பெனி பிரசுரத்திலிருந்தோ எடுத்தது, பழைய இன்வெர்ட்டர் இல்லாத மாடலோடு ஒப்பிட்டது. அந்த மாடல் இப்போது கடையில் இருக்கவே இருக்காது. லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள், 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துச் செய்த கணக்கு அது. உதாரணத்துக்கு, கடையில் இன்று இருக்கும் 3 ஸ்டாரில் 1,000 யூனிட், 5 ஸ்டாரில் 800 யூனிட் என்றிருந்தால் மிச்சம் 20%. அதை அப்படியே எழுதுங்கள்: "எங்கள் 3 ஸ்டார் மாடலைவிட ஆண்டுக்கு 200 யூனிட் குறைவு, லேபிள் கணக்குப்படி." இதை ரூபாயாக மாற்றிப் போடாதீர்கள். நம் ஊரில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாத யூனிட்டைப் பொறுத்துப் படிப்படியாக ஏறுகிறது, ஒரு வீட்டில் மிச்சமாகும் தொகை அடுத்த வீட்டில் ஆகாது. கட்டண விகிதம் திருத்தப்படும்போது அந்த ரூபாய்க் கணக்கும் மறுபடி பழசாகிவிடும்.

"புதிய வரவு" பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய விளம்பரத் தர மன்றமான ஆஸ்கியின் விதிப்படி, "புதிய" என்ற சொல்லை அறிமுகமான ஓராண்டுக்குள்தான் பயன்படுத்தலாம். "நம்பர் 1" என்றால் யார், எந்த ஆண்டு, எதை அளந்து சொன்னார்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். காகிதம் இல்லையென்றால் வரியும் இல்லை.

நான் வேலை செய்யும் முறை இதுதான். பழைய வாசகத்தைப் பிரிண்ட் எடுத்து, சரிபார்க்க முடிகிற ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போடுவேன். ஓரத்தில் அதற்கு ஆதாரம் எது, எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதுவேன்: பில், லேபிள், கம்பெனி சர்க்குலர், வங்கியின் ஈஎம்ஐ கடிதம். ஓரம் காலியாக இருக்கும் வரிகளை அடித்துவிட்டு, மிச்சத்தை முதலிலிருந்து வாசிப்பேன். அடித்த வரியை நம்பி நின்ற இன்னொரு வரி எங்காவது மாட்டும். "இத்தனை சலுகைகளும் ஒரே இடத்தில்" என்று முடியும், மேலே ஒரு சலுகைகூட மிஞ்சியிருக்காது.

"இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?" என்று கேட்பார்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் தடவையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், 2022இல் வந்த வழிகாட்டு விதிகள் விளம்பர ஏஜென்சிகளையும் சேர்த்தே பேசுகின்றன. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கவுண்டரில் நிற்கும் பையன். வாடிக்கையாளர் போனைக் காட்டி "இதுல போட்ருக்கே தம்பி" என்று கேட்கும்போது, அந்த வாசகத்தை எழுதிய நானும் அங்கே இருக்க மாட்டேன், அதற்கு ஓகே சொன்ன முதலாளியும் இருக்க மாட்டார். மாதச் சம்பளத்துக்கு நிற்கும் அவர்தான் திட்டு வாங்குகிறார்.

அப்புறம் ஒரு விஷயம். புதுசு தயாரானதும் பழசு தானாகப் போய்விடாது. முகநூல் பக்கத்தில் பின் செய்த பதிவு, கூகுளில் கடையின் பக்கத்தில் இருக்கும் படங்கள், வாட்ஸ்அப் கேட்டலாக், ஆட்டோ பின்னால் கட்டிய ஃபிளெக்ஸ், லோக்கல் எஃப்எம்மிடம் இருக்கும் ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். யாரோ ஒருவர் குடும்ப குரூப்பில் ஃபார்வர்ட் செய்த படத்தை மட்டும் நம்மால் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் சலுகை முடியும் தேதியை நோட்டீஸோடு போகும் மெசேஜில் எழுதாமல் படத்துக்குள்ளேயே, விலைக்குப் பக்கத்தில், விலை தெரியும் அளவு எழுத்திலேயே போடச் சொல்கிறேன்.