சொல்லுக்கு எவ்வளவு என்று விலை சொல்லி நான் மாட்டிக்கொண்ட கதை

பினாங்கின் பிறை நகரில் பிளாஸ்டிக் பட்டறை நடத்தும் அண்ணன் ஒருவர், சீனாவிலிருந்து மெஷின் வாங்கும் சீன மொழி ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். "ஒரு சொல்லுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார். மலாய், தமிழ் வேலைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்காமல் "25 காசு" என்று சொல்லிவிட்டேன்.

பத்தே நிமிடத்தில் போன் வந்தது. "தங்கச்சி, வோர்டுல திறந்து பார்த்தேன். 8,400 சொல் காட்டுது. 2,100 வெள்ளியா? மெஷினுக்கு முன்பணமே கட்டிருவேனே!"

தப்பு என்னுடையது. சீனத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அதனால் வோர்டு ஒவ்வொரு சீன எழுத்தையும் ஒரு சொல்லாக எண்ணிவிடும். மலேசியா என்பது நமக்கு ஒரே சொல். சீனத்தில் மா-லாய்-ஸீ-யா என்று நாலு எழுத்து, வோர்டின் கணக்கில் நாலு சொல். இடைவெளியை மட்டும் பார்த்து எண்ணும் `wc -w` மாதிரி கணினிக் கட்டளையில் போட்டால், ஒரு முழுப் பத்தியே ஒரு சொல்லாகிவிடும். இரண்டுமே நான் சொன்ன 25 காசுக்குப் பொருந்தாத எண்ணிக்கை. என் மனதில் இருந்தது முடிவில் வரப்போகும் ஆங்கிலச் சொல். அதை வேலை முடியும்வரை அவராலும் எண்ண முடியாது, என்னாலும் முடியாது. போதாக்குறைக்கு, வளவளவென்று எழுதினால் எனக்குத்தான் லாபம். அப்படி ஒரு கணக்கில் எந்த வியாபாரி கையெழுத்துப் போடுவார்?

எனவே அன்றைக்கே எழுத்துக் கணக்குக்கு மாறினேன். வணிக ஒப்பந்தங்களில் சுமார் 1.6 சீன எழுத்து ஓர் ஆங்கிலச் சொல்லாகிறது. இது என் பழைய கோப்புகளை எண்ணிப் பார்த்துக் கண்டது. 25-ஐ 1.6-ஆல் வகுத்தால் பதினைந்தரைக்குக் கொஞ்சம் மேல் வரும். எழுத்துக்கு 15 காசு என்று வைத்துக்கொண்டேன்.

எந்த எண்ணை எடுப்பது என்பதில்தான் அடுத்த வம்பு. வோர்டின் எண்ணிக்கைப் பெட்டியில் `Words` என்பது 8,400. சீன மொழியை இயக்கி வைத்திருந்தால் அதே பெட்டி இதைப் பிரித்தும் காட்டும். `Asian characters, Korean words` 7,900, `Non-Asian words` 500. அந்த 500 முழுக்க மெஷினின் மாடல் எண்களும் அளவுகளும். `Characters (no spaces)` வரியிலோ 10,900 இருந்தது, ஏனென்றால் அது மாடல் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியாக எண்ணுகிறது. அந்த வரியைப் பிடித்திருந்தால் 450 வெள்ளி அதிகம் கேட்டிருப்பேன், அதுவும் அப்படியே எடுத்து ஒட்டும் எண்களுக்கு. நான் எடுத்தது 7,900.

கடைசி இரண்டு பக்கம் ஸ்கேன் செய்த படம். வோர்டுக்கு அது வெறும் பூஜ்யம். இந்த இடத்தில் சீனம் ரொம்ப நல்ல மொழி! சீனப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் நினைவிருக்கும். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அச்சிலும் அப்படித்தான், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். நிறைந்த வரி ஒன்றை விரல் வைத்து எண்ணினேன், 38. பக்கத்துக்கு 30 வரி, ஆக 1,140. பாதியில் முடியும் வரிகளுக்காக ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் ஏறக்குறைய 900. இரண்டு பக்கத்துக்கு 1,800.

மொத்தம் 9,700 எழுத்து, 1,455 வெள்ளி. ஒப்பந்த மொழியில் ஒரு நாளைக்கு 3,000 எழுத்துதான் எனக்கு ஓடும். மூன்று நாளும் கொஞ்சமும் மொழிபெயர்க்க, ஒரு நாள் மூலத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்க்க. ஐந்து நாள் கேட்டேன். அண்ணன் சரி என்றார், விலையும் தேதியும் வேலை தொடங்குமுன்னே அவர் கையில்.

முடிந்தபின் ஆர்வத்தில் ஆங்கிலத்தை எண்ணினேன். மாடல் எண்களை விட்டுவிட்டு 6,020 சொல். 25 காசு என்றால் 1,505 வெள்ளி. வித்தியாசம் 50 வெள்ளிதான்.

ஆனால் இந்த 1.6-ஐ எல்லாவற்றுக்கும் போடாதீர்கள். போன வருடம் ஜார்ஜ்டவுனில் கொங்சி எனும் சீனக் குலச் சங்க வீடு ஒன்றின் தூண்களில் இருந்த ஈரடியை மொழிபெயர்க்கக் கேட்டார்கள். அடிக்கு ஏழாக மொத்தம் 14 எழுத்து. எழுத்துக் கணக்கில் 2 வெள்ளி 10 காசு! பழைய நடை, ஓர் எழுத்துக்கு மூன்று நான்கு ஆங்கிலச் சொல் தேவைப்பட்டது. இரண்டு அடியும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கவும் வேண்டும். எனக்கு அரை நாள் போனது. அதற்கு மணிக்கணக்கில்தான் வாங்கினேன்.