பத்து அடி நடந்தா ஆட்டோக்காரர் கூப்பிடுவார்

அந்த மீமை நேத்து ஒரு நாள்ல மட்டும் பதினோரு பேர் எனக்கு அனுப்பியிருக்கீங்க. எதுன்னு உங்களுக்கே தெரியும். மேல் பாதியில ராமேஸ்வரம் ஸ்டேஷன் ஆட்டோக்காரர் "தனுஷ்கோடி போயிட்டு வர 700"ங்கிறார். கீழ் பாதியில பயணி பத்து அடி நடந்ததும் "சரி வாங்க, 500". ஓரத்துல காக்கிச் சட்டையோட வண்டி மேல சாஞ்சு நிக்கிற ஒரு பெரியவர். பதினோரு பேர்ல ஏழு பேருக்கு அவர் யாருன்னு தெரியாது, அவங்க மேல எனக்கு வருத்தம் இல்லை. மிச்ச நாலு பேர் எங்க வீட்ல சாப்பிட்டிருக்கீங்க. அவர் எங்க அப்பா.

ஆட்டோ பேரத்தைப் பத்தி மீமே போடக்கூடாதுன்னு நான் சொல்ல வரலை. சென்னையில ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கேன். ஆப்ல 92 ரூபாய்னு காட்டும், வண்டிக்காரர் போன் பண்ணி "எவ்வளவு காட்டுது மேடம்? மேல ஒரு அம்பது போட்டுக் குடுங்க"ன்னு கேப்பார். முடியாதுன்னா புக்கிங் ரத்தாகும். மழை நாள்ல நாலு தடவை அப்படி ரத்தாகி, நனைஞ்சுக்கிட்டே ஆபீஸ் போயிருக்கேன். அதை வச்சு மீம் போடுறவங்களோட எரிச்சல் எனக்குப் புரியும். ஆனா அந்த ஊர் பேரத்தைக் கொண்டு வந்து ராமேஸ்வரம் ஸ்டாண்டுல ஒட்டுறது தப்பு. இங்க நடக்குற பேரம் வேற. இதைத்தான் சொல்லப் போறேன், திரும்பத் திரும்பச் சொல்லுவேன்.

சென்னையில ஒரு சவாரியை எங்க இறக்கிவிட்டாலும் அங்கேயே அடுத்த ஆள் கை காட்டுவார். தனுஷ்கோடி ரோடு முடியுற அரிச்சல்முனையில யார் கை காட்டுவா? அங்க வர்றவங்க காரோ வேனோ வச்சுக்கிட்டு வர்றவங்க, இல்லைன்னா பஸ்ல வந்து பஸ்லயே திரும்புறவங்க. ஒரு வழி சவாரின்னா போற 20 கிலோமீட்டருக்குத்தான் ஆள் இருக்கும். திரும்பி வர்ற 20 கிலோமீட்டர் காலி. "ஒரு வழிதானே, பாதி வாங்குங்க"ன்னு சொல்றவங்க கண்ணுக்கு அந்தக் காலி வண்டி தெரியறதே இல்லை.

"மீட்டர் போட்டா இந்தப் பிரச்சினையே வராதே"ன்னு கமெண்ட்ல ஒரு தம்பி கேட்டிருக்கார். சரி தம்பி, மீட்டரே போடுவோம். 2013 ஆகஸ்ட்ல சென்னைக்கு அரசு நிர்ணயிச்ச கட்டணத்தையே எடுத்துக்குவோம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருந்தா அஞ்சு நிமிஷத்துக்கு 3.50. ராமேஸ்வரம் ஸ்டேஷன்ல இருந்து அரிச்சல்முனை போயிட்டு வர சுமார் 40 கிலோமீட்டர். அதுக்கு 483 ரூபாய் வரும். அங்க இறங்கி ரெண்டு கடலையும் பார்த்து, போட்டோ எடுத்து, சங்குக் கடையில நின்னு வர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்கு 42 ரூபாய். மொத்தம் 525.

அதாவது நீங்க "500-க்கு இறக்கிட்டோம்"னு கொண்டாடின அந்தச் சவாரி, 2013-ஆம் வருஷக் கட்டணத்தை விட 25 ரூபாய் கம்மி. பெட்ரோல் எழுபது சொச்சத்துக்கு வித்த காலத்துல போட்ட கட்டணம் அது. இப்ப பெட்ரோல் நூறைத் தாண்டியாச்சு. 2025 பிப்ரவரியில சென்னைச் சங்கங்கள் தாங்களே ஒரு ரேட் அறிவிச்சாங்களே, முதல் 1.8-க்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18ன்னு? அதுல கணக்குப் போட்டா 40 கிலோமீட்டருக்கு 738 வரும், காத்திருக்கிறதுக்கு இன்னும் சேர்க்கலை. அது அரசு ஒத்துக்கிட்ட ரேட் இல்லை, அதை நான் நியாயத்துக்கு இழுக்கலை. ஆனா அப்பா கேட்ட 700 வானத்துல இருந்து விழலைன்னு அதுலயே தெரியுதுல்ல?

அந்த 500-ல அப்பா கைக்கு எவ்வளவு வரும்? லிட்டருக்கு 30 கிலோமீட்டர் குடுக்கிற வண்டின்னு வச்சுக்கிட்டா பெட்ரோலுக்கே 135 போயிடும். மிச்சம் 365. போக வர, காத்திருக்கன்னு ரெண்டரை மணி நேரம். அப்பாவுது சொந்த வண்டி, மாசம் ட்யூ கட்டணும். வாடகை வண்டி ஓட்டுறவங்களுக்கு சாயங்காலம் வாடகை எடுத்து வச்சாத்தான் வீட்டுக்குப் போக முடியும்.

உப்புக்காத்து தனிக்கதை. தனுஷ்கோடி ரோட்டுல ரெண்டு பக்கமும் கடல், காத்து ரோட்டு மேல மணலைக் கொண்டு வந்து கொட்டும். அந்தச் சவாரி போன அன்னைக்கு ராத்திரி வண்டியை நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். விட்டா சைலன்சர் பொடியும், பிரேக் கேபிள் இறுகும், கால் வைக்கிற தகடு ஓட்டையாகும். எஃப்சி காட்டுறதுக்கு முன்னாடி டிங்கரிங் கடையில தகடு மாத்திப் பெயின்ட் அடிக்கிற செலவு, கடல் இல்லாத ஊர் வண்டிக்காரங்களை விட இங்க அதிகம். குடிதண்ணியைக் குடம் கணக்குல காசு குடுத்து வாங்குற ஜனங்க நாங்க. அந்தத் தண்ணியில வண்டியையும் கழுவுறோம். எந்த மீட்டர்ல இதெல்லாம் ஓடும்?

இப்ப அந்தப் பத்து அடி நடையைப் பத்திச் சொல்லணும், மீமோட உயிரே அதுதானே. நீங்க நடந்ததும் அப்பா ஏன் கூப்பிட்டார்? மொதல்ல பொய் சொன்னார், மாட்டிக்கிட்டார்னு நினைக்கிறீங்க. ஸ்டாண்டுல முறை இருக்கு. ரயில் வந்தா முன்னாடி நிக்கிற வண்டிக்கு முதல் ஆள், அப்புறம் அடுத்த வண்டி. ஒரு சவாரி போயிட்டு வந்தா வரிசைக் கடைசியில போய் நிக்கணும். கூட்டம் இல்லாத நாள்ல அப்பாவுக்கு முறை வர ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துல வந்த ஆள் நடந்து போயிட்டா அடுத்த ரயில் வரைக்கும் உக்காரணும். அதனால கூப்பிடுறார். சும்மா உக்காந்திருக்கிறதை விட பெட்ரோல் காசு போக ஏதோ கையில நிக்கட்டும்னு கூப்பிடுறார். நீங்க பேசிக் குறைச்ச 200 அவர் பதுக்கி வச்சிருந்த லாபம் இல்லை. அவர் காத்துக்கிடந்த நேரத்தை விட்டுக் குடுத்திருக்கார்.

ஸ்டாண்டைத் தாண்டி மெயின் ரோட்டுல ஓடுற வண்டியை நிறுத்திக் கேட்டா பாதி விலைக்கு வர்றதும் இதனாலதான். "பாருங்க, அதே தூரம், அவர் 60, ஸ்டாண்டுக்காரர் 120"ன்னு ஸ்கிரீன்ஷாட் மாதிரி அடுக்குறீங்க. அந்த 60 ரூபாய் வண்டி யாரையோ இறக்கிட்டுக் காலியா திரும்பிக்கிட்டிருக்கு, எப்படியும் அந்த வழியாத்தான் போகணும். போற வழியில கிடைச்ச 60 அவருக்கு மேல்வரும்படி. ஸ்டாண்டுக்காரர் உங்களுக்காகவே கிளம்பிக் காலியா திரும்பணும். ரெண்டும் ஒரே வேலை இல்லை. காசு மிச்சம் பிடிக்கணும்னா தாராளமா ரோட்டுக்குப் போய் ரிட்டர்ன் வண்டியைப் பிடிங்க, நானும் ராமநாதபுரத்துல அப்படித்தான் பிடிக்கிறேன். ஆனா அந்த விலையைக் கொண்டு வந்து ஸ்டாண்டுக்காரர் முகத்துல வீசாதீங்க.

"வெளியூர்க்காரனை ஏமாத்துறதே இல்லையா?"ன்னு கேப்பீங்க. ஏமாத்துறவங்க இருக்காங்க. விடிகாலை ரயில்ல தமிழ் தெரியாம இறங்குற வடநாட்டு யாத்திரீகர்கிட்ட, கோயில் வரைக்கும் போற சின்ன தூரத்துக்கு வாய்க்கு வந்ததைக் கேக்குறவங்களை நானே பார்த்திருக்கேன். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இன்னும் மோசம். தப்பு. அப்பா அதுக்காக ஸ்டாண்டுலயே சண்டை போட்டிருக்கார், ஒரு மாசம் ரெண்டு பேர் அவரோட பேசலை. அந்தத் தப்பைப் பண்ணினவங்க படத்தை யாரும் போடலை. சாஞ்சு நின்ன எங்க அப்பா படம்தான் கிடைச்சிருக்கு.

"எங்க காசு, நாங்க பேரம் பேசுவோம்"னு இன்னொருத்தர். பேசுங்க. ஷேர் ஆட்டோவுல தலைக்கு இவ்வளவுன்னா சத்தமில்லாம எடுத்துக் குடுக்கிறீங்க, அங்க ரேட் எல்லாருக்கும் தெரியும். தனிச் சவாரிக்கு அப்படி ஒரு ரேட் எழுதிப் போட்டா அப்பாவும் பேச மாட்டார். ஸ்டேஷன் வாசல்ல பெரிய போர்டுல தூரமும் ரேட்டும் எழுதி வைக்கச் சொல்லி ஸ்டாண்டுல பேசியிருக்காங்க. காலித் திரும்பலையும் சேர்த்து, பெட்ரோல் ஏறினா மாத்துற மாதிரி. அது வரைக்கும் வாயால பேசித்தானே ஆகணும்? பேசி முடிச்சு ஏறி உக்காந்த பிறகு, அந்த மனுஷரைப் படம் பிடிச்சுத் திருடன் மாதிரி ஊருக்குக் காட்டுறதுதான் எனக்குத் தாங்கலை.

2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்தினாங்க. 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறக்கிற வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயில் வரலை, மண்டபம் இல்லைன்னா ராமநாதபுரத்தோட சரி. ரெண்டு வருஷத்துக்கு மேல எங்க ஸ்டேஷன் ஸ்டாண்டு வெறிச்சோடிக் கிடந்துச்சு. அப்பா காலையில நாலு மணிக்கே பழக்கத்துல எந்திரிச்சு, காக்கியை மாட்டிக்கிட்டு, எங்க போறதுன்னு தெரியாம வாசல்ல உக்காந்திருப்பார். சில நாள் மண்டபம் போய் நிப்பார். அங்க அந்த ஸ்டாண்டுக்காரங்க முறை இருக்கு, நடுவுல நுழைய முடியாது. நியாயம்தான், அவங்களும் பிழைக்கணும். கோயில் பக்கம் வந்து, பஸ்ல வர்றவங்களுக்காக வெயில்ல நிப்பார். அந்த மாசங்கள்ல என் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை ஒண்ணு அடகுக்குப் போச்சு, ட்யூ கட்டுறதுக்கு. இன்னும் மீட்கலை.

ஸ்கூல்ல படிக்கும்போது அப்பா ஆட்டோவுல கொண்டு வந்து விட்டா, ரெண்டு தெரு முன்னாடியே இறக்கிவிடச் சொல்லுவேன். ஏன்னு அவர் ஒரு நாளும் கேக்கலை. பேசாம இறக்கிவிட்டுட்டு, நான் கேட்டுக்குள்ள போற வரைக்கும் அங்கேயே நிப்பார். நேத்து அந்த மீமைப் பார்த்ததும் எனக்கு அந்த ரெண்டு தெரு ஞாபகம் வந்துருச்சு. அழுகை வந்துருச்சு. நீங்க "ஜாலிக்குப் போட்டதுப்பா"ன்னு சொல்லலாம். எனக்கு ஜாலி இல்லை.

அப்பாகிட்ட நான் காட்டலை. ஸ்டாண்டுல யாரோ காட்டிட்டாங்க. ராத்திரி வீட்டுக்கு வந்து, "அந்தப் போட்டோவுல நான் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேனாமே, பாத்தியா?"ன்னு மட்டும் கேட்டார். பார்த்தேன்னு சொன்னேன். சாப்பிட்டுட்டுப் படுத்துட்டார். இன்னைக்குக் காலையில சேது எக்ஸ்பிரசுக்கு அவர் போகலை.

படம் எடுத்தவர் இந்தப் பதிவைப் பார்ப்பார்னு எனக்குத் தெரியும், நம்ம குரூப்லதான் இருக்கார். அந்தப் படத்தை மட்டும் எடுத்துருங்கண்ணே. 700-ம் 500-ம் இருக்கட்டும்.