விருந்தினரை அறிமுகப்படுத்துங்கள், அவருடைய பயோடேட்டாவை அல்ல!

தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று 2021-ல் அரசு ஆணையிட்டது. நாட்டுப்பண்ணுக்கு 52 விநாடி. கல்லூரி விழாவில் சிறப்பு விருந்தினரை அறிமுகம் செய்ய மட்டும் கால் மணி நேரம் வேண்டுமாம்!

சென்ற வாரம் எங்கள் கட்டடப் பொறியியல் துறையின் மன்றத் தொடக்க விழா. வந்தவர் நிலத்தடி நீரில் வாழ்நாள் முழுவதும் உழைத்த ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அறிமுகம் செய்ய எழுந்தவர் "அறிமுகமே தேவையில்லாதவர்" என்று தொடங்கினார். தேவையில்லை என்றால் உட்கார்ந்துவிட வேண்டியதுதானே? உட்காரவில்லை. கையிலிருந்த தாள்களைப் புரட்டிப் புரட்டி, ஆரம்பப் பள்ளி, மேல்நிலைப் பள்ளி, ஆங்கிலத்தில் இரண்டு வரி நீளும் ஆய்வேட்டுத் தலைப்பு, கட்டுரைகள், உறுப்பினராக உள்ள சங்கங்கள் என்று எதையும் விடாமல் படித்தார். பின்வரிசை மாணவர்கள் பொறுமை இழந்து கைதட்டினார்கள். அதன் பொருள் "போதும்" என்பது. அவரோ பாராட்டு என்று எண்ணி, நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்!

இவ்வளவு படித்தும் மரியாதையாவது மிஞ்சியதா? தலைமைப் பொறியாளராக ஓய்வுபெற்றவரைச் செயற்பொறியாளர் என்றார். இடையில் கண்காணிப்புப் பொறியாளர் என்ற படியும் இருக்கிறது; மேடையில் வைத்தே ஒரு மனிதரை இரண்டு படி இறக்கிவிட்டார்கள். காரணம் எளிது. இணையத்தில் கிடைத்த பழைய பயோடேட்டாவை யாரோ அச்செடுத்து, விழா தொடங்கும் நேரத்தில் கையில் திணித்திருக்கிறார்கள். விருந்தினரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர் பேசத் தொடங்கி, எங்கள் மாவட்டக் கிணறுகளின் நீர்மட்டப் படங்களைத் திரையில் காட்டும் நேரத்தில், நேரமாகிவிட்டது என்று துண்டுச் சீட்டு போனது. யாருக்கு? அவருக்கு! நேரத்தைத் தின்றவர் முதல் வரிசையில் சாவகாசமாக அமர்ந்திருந்தார்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பெயரை முன்னெழுத்தோடு எப்படிச் சொல்ல வேண்டும், கடைசியாக வகித்த பதவி எது, எதைப் பற்றிப் பேசப்போகிறார், எதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறார். இவ்வளவுதான் கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். தாங்கள் வெளியேறிய ஒரு பதவியை மேடையில் நினைவூட்டுவதைச் சிலர் விரும்புவதில்லை.

பிறகு எழுத வேண்டியது அவர் வாழ்க்கை வரலாறு அல்ல. இந்த மாணவர்கள் இன்று இவரை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கான பதில். அவருக்கு நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

"2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் கிணறு கிணறாகச் சென்று நீர்மட்டத்தை அளந்தவர் நம் விருந்தினர். நம் கல்லூரி நிற்கும் மண்ணுக்கடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் இவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. நிலத்தடி நீர்த் துறையில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஐயா இன்னார் அவர்களைப் பேச அழைக்கிறேன்."

நிறுத்தி நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. பெயர் கடைசியில் வருவதால், சொன்னவுடன் எழும் கைதட்டலில் அவர் ஒலிபெருக்கிக்கு நடந்து வந்துவிடுவார். இதில் "மாபெரும்", "ஈடு இணையற்ற" எதுவும் இல்லை. புகழ் கூடக் கூட விருந்தினர்தான் கூசிக் குறுகுகிறார். பேச எழுந்ததும் "இவ்வளவுக்கு நான் தகுதியானவன் அல்ல" என்று மறுப்பதில் அவருக்கும் ஐந்து நிமிடம் போய்விடுகிறது. அவர் பேசப்போகும் செய்தியை நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவதும் கூடாது. பழுத்த பேராசிரியர்களே அந்தத் தவற்றைச் செய்கிறார்கள்.

அன்று வரவேற்புரை ஆற்றியவர் ஏற்கெனவே அவர் பெருமைகளைப் பாடிவிட்டார். தலைமையுரையில் முதல்வரும் பாடினார். தொகுத்து வழங்கிய மாணவியும் தன் பங்குக்கு நான்கு வரி கவிதை சொன்னாள். அறிமுகவுரை நான்காவது முறை! வரவேற்பவர் பெயரையும் பதவியையும் மட்டும் சொல்லட்டும், மற்றதை அறிமுகம் செய்பவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று நிகழ்ச்சி நிரல் அச்சடிக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள எங்கள் துறையில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை? மேடைப் பதாகையில் யார் படம் எந்த அளவில் வர வேண்டும் என்பதற்கு மட்டும் இரண்டு முறை கூட்டம் போட்டார்கள்.